565 கிலோ உலோகமும் 13.7 கிலோ பொடியும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் லேத் சுருள் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். நீலம் பாய்ந்த எஃகுச் சுருள்கள், வெள்ளையாக மின்னும் அலுமினியச் சிதறல்கள், கூலன்ட் எண்ணெய் வாடை. பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போவார். கிலோ நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய நல்ல உலோகம், அதில் ஒரு சிறு பங்கு விலைக்குத் திரும்பிப் போகிறது.

இதைப் பார்க்கிற யாருக்கும் இப்போது ஒரு கேள்வி எழும். உலோகத்தைப் பொடியாக எடுத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் உருக்கி, அடுக்கடுக்காகப் பாகத்தைக் கட்டிவிடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. சென்னையில் ராக்கெட் எஞ்சினையே அப்படிச் செய்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்திருப்போம். அப்படியென்றால் இத்தனை லேத்தும் மில்லிங் இயந்திரமும் ஏன் இன்னும் இரவு பகலாக ஓடுகின்றன? பொடியில் கட்டிய பாகம் உறுதியாக இராதா? விலை கட்டாதா? அல்லது சில பாகங்களுக்கு மட்டும்தான் அந்த வழி ஒத்துவருமா?

மூன்றாவது கேள்விதான் சரியான கேள்வி. எந்தப் பாகத்துக்கு ஒத்துவரும் என்று தெரிய வேண்டுமானால், இரண்டு வழிகளிலும் காசும் நேரமும் எங்கே செலவாகின்றன என்று பார்க்க வேண்டும்.

உளி எட்டும் இடம் வரை

கடைசல் வேலையின் அடிப்படை எளிது. பாகத்தைவிடப் பெரிய கட்டியை எடுத்து, பாகம் அல்லாததை எல்லாம் நீக்கிவிடுவது. லேத்தில் கட்டி சுழலும், வெட்டுமுனை நிற்கும். மில்லிங்கில் முனை சுழலும், கட்டி மேசையில் இறுகப் பிடித்திருக்கும். கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரம் இதையே மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு துல்லியத்துடன் ஆயிரம் முறை திரும்பச் செய்யும்.

இந்த வழிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வெட்டுமுனை அந்த இடத்தைப் போய்த் தொட வேண்டும். வெளிப்பரப்பு, நேரான துளை, திறந்த பள்ளம் எதுவானாலும் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு சுவருக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடும் குழாய்ப்பாதை வேண்டும் என்றால் டிரில் அங்கே போகாது. டிரில் நேராக மட்டுமே போகும். அப்போது பாகத்தை இரண்டாகவோ பத்தாகவோ பிரித்து, ஒவ்வொன்றிலும் பள்ளம் வெட்டி, பிறகு வெல்டிங் செய்தோ பற்றவைத்தோ சேர்க்க வேண்டும்.

செலவு பெருகுவது அங்கேதான். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரைபடம், தனி ஃபிக்ஸர், தனி சோதனை. வெல்டிங் சூட்டில் பாகம் கோணிக்கொள்ளும், மறுபடி கடைய வேண்டும். ஒவ்வொரு வெல்டும் நாளைக்குக் கசியக்கூடிய இடம் என்பதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டியின் விலையைக் காட்டிலும் இந்த இணைப்புகளின் விலை பெரிது.

பொடிப் படுக்கையில் ஓர் அடுக்கு

அடுக்கி வளர்க்கும் இந்த முறையை அடுக்கு உற்பத்தி என்று சொல்லலாம். அதில் பல வகை உண்டு. உலோகத்தில் அதிகம் புழங்குவது லேசரால் பொடிப் படுக்கையை உருக்கும் வகை. அதையே இங்கே பார்ப்போம்.

முதலில் பொடி. உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாக விழவிட்டு, அதன் மேல் ஆர்கான் வாயுவை வேகமாகப் பீய்ச்சுவார்கள். தாரை துளித்துளியாகச் சிதறி, கீழே விழுவதற்குள் உறைந்துவிடும். துளி அந்தரத்திலேயே உறைவதால் உருண்டையாக இருக்கும். ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 15 முதல் 45 மைக்ரான் விட்டம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 70, 80 மைக்ரான் இருக்கும் என்பதை வைத்து இந்தப் பொடியின் நேர்த்தியைக் கணிக்கலாம். உருண்டையாக இருப்பது அழகுக்காக அல்ல. உருண்டையான மணிகள்தான் தடையின்றி வழிந்தோடி, சீரான படலமாகப் பரவும்.

இயந்திரத்தின் அறைக்குள் தடித்த உலோகத் தட்டு ஒன்று இருக்கும். அறையிலிருந்து காற்றை வெளியேற்றி ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்புவார்கள். ஆக்சிஜன் 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை வேலை தொடங்காது. ஒரு நீண்ட அலகு, தட்டின் குறுக்கே நகர்ந்து 40 மைக்ரான் கனத்துக்குப் பொடியைப் பரப்பும். மேலிருந்து லேசர் இறங்கும். அதன் ஒளிப்புள்ளி சுமார் 100 மைக்ரான் அகலம், நகரும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த அடுக்கில் பாகத்தின் குறுக்குவெட்டு எப்படி இருக்க வேண்டுமோ, அதன் ஓரத்தை இழுத்து, உள்ளே இணைகோடுகளாக நிரப்பும். கோலத்தில் புறக்கோடு போட்டுவிட்டு உள்ளே வண்ணம் நிரப்புவதைப் போன்ற வேலை அது.

தட்டு 40 மைக்ரான் கீழே இறங்கும். மறுபடி அலகு வரும், மறுபடி பொடி, மறுபடி லேசர். இந்த முறை நிரப்பும் கோடுகளின் திசை 67 பாகை திரும்பியிருக்கும். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 67 பாகை வீதம் திருப்பிக்கொண்டே போனால், அதே திசை மறுபடி வருவதற்குள் நூற்றுக்கணக்கான அடுக்குகள் கடந்துவிடும். ஆகவே ஓர் அடுக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே சிறு குறை இருந்தாலும், அது அடுத்தடுத்த அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விரிசலாக வளராது.

ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 25 அடுக்கு. 30 சென்டிமீட்டர் உயரமான பாகத்துக்கு 7,500 அடுக்கு. பொடி பரப்ப மட்டும் ஒவ்வொரு முறையும் 10 விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், லேசர் எரியாத அந்த நேரமே 21 மணியைத் தொடும். தட்டில் ஒரே பாகம் இருந்தாலும் இருபது இருந்தாலும் இந்தப் பரப்பும் நேரம் மாறாது. அதனால்தான் சிறிய பாகங்களைத் தட்டு நிறைய அடுக்கி ஒரே ஓட்டத்தில் எடுக்கிறார்கள். உயரமான ஒற்றைப் பாகம் எப்போதும் விலை கூடுதலாகவே இருக்கும்.

பொடி எப்படி ஒரே உலோகமாகிறது

பலருக்கும் இருக்கும் ஐயம் இது: பொடியை ஒட்டவைத்தது பொலபொலவென்று உதிராதா? உதிராது, ஏனென்றால் இங்கே ஒட்டவைப்பது நடக்கவில்லை. லேசர் படும் இடத்தில் பொடி முழுவதும் உருகி ஒரு நுண்குளம் உண்டாகிறது. குளத்தின் ஆழம் அடுக்கின் கனத்தைவிட அதிகம். புதிய 40 மைக்ரான் படலத்தோடு, கீழே ஏற்கெனவே உறைந்த ஓரிரு அடுக்குகளும் சேர்ந்து மறுபடி உருகும். எனவே அடுக்குகளுக்கு நடுவே பிரிகோடு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. முழுப் பாகமும் லட்சக்கணக்கான மயிரிழை வெல்டுகளால் ஆனது என்று வெல்டர் ஒருவர் சொன்னால் அது சரியான விளக்கம்.

சரியாக ஓட்டினால் பாகத்தின் அடர்த்தி, திடக்கட்டியின் அடர்த்தியில் 99.5 சதவீதத்தைத் தாண்டும். நிக்கல் கலவை, துருப்பிடிக்கா எஃகு போன்ற உலோகங்களில், வெப்பப் பக்குவம் செய்த பிறகு இழுவிசைத் தாங்குதிறன் அடித்து உருவாக்கிய கட்டியோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த நுண்குளம் உறையும் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. விநாடிக்கு லட்சக்கணக்கான பாகை வீதம் அது குளிர்கிறது. குளிரும்போது சுருங்க முயலும், கீழே இருக்கும் குளிர்ந்த உலோகம் விடாது. ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கை உள்நோக்கி இழுத்தபடியே உறைகிறது. இந்த இழுவை பாகத்துக்குள் உறைந்து நிற்கும். தடித்த தட்டில் பாகம் பற்றியிருப்பதால் வெளியே தெரியாது. அவசரப்பட்டுத் தட்டிலிருந்து அறுத்தால், அறுத்த கணமே ஓரங்கள் மேலே சுருண்டுகொள்ளும். அதனால் பாகத்தைத் தட்டோடு சேர்த்தே உலையில் வைத்து இழுவையைத் தணித்து, அதற்குப் பிறகுதான் வயர் கட் இயந்திரத்தில் பிரிப்பார்கள்.

மகேந்திரகிரியில் 665 விநாடி

எந்த இடத்தில் இந்த வழி லேத்தை வெல்கிறது என்பதைக் காட்டத் தமிழ்நாட்டிலேயே ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. 2024 மே 9 அன்று, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில் பி.எஸ்-4 எஞ்சின் ஒன்றை 665 விநாடி எரித்துச் சோதித்தார்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது அடுக்கில், செயற்கைக்கோளைக் கடைசியாகத் தள்ளிவிடும் இடத்தில், இதுபோன்ற எஞ்சின்கள் இரண்டு இருக்கும். ஒன்றின் உந்துவிசை விண்வெளியில் 7.33 கிலோநியூட்டன், அதாவது முக்கால் டன் எடையைத் தாங்கிப் பிடிக்கும் விசை.

பல பத்தாண்டுகளாக இந்த எஞ்சின் கடைசலிலும் வெல்டிங்கிலும்தான் உருவாகி வந்தது. 14 துண்டுகள், 19 வெல்டு இணைப்புகள். ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ அடித்த கட்டியும் தகடும் வாங்க வேண்டியிருந்தது. அடுக்கு உற்பத்திக்கு ஏற்ப வடிவத்தை மாற்றி வரைந்த பிறகு 14 துண்டும் ஒன்றாயிற்று. 19 வெல்டும் இல்லாமல் போயின. செலவாகும் பொடி 13.7 கிலோ. மொத்த உற்பத்தி நேரத்தில் 60 சதவீதம் குறைந்தது. எஞ்சினைப் பொடியில் கட்டிக்கொடுத்தது விப்ரோ 3டி நிறுவனம்.

565-ஐ 13.7-ஆல் வகுத்தால் 41 வரும். முன்பு 41 கிலோ வாங்கிய இடத்தில் இப்போது ஒரு கிலோ போதும். அந்த நாற்பது கிலோவும் எங்கே போயிற்று என்று எஞ்சினின் வடிவத்தைப் பார்த்தால் புரியும். மேலே எரியறை, நடுவே ஒடுங்கிய கழுத்து, கீழே மணியைப் போல விரிந்த வாய். சுவர் மெல்லியது, உள்ளே வெற்றிடம். இப்படி ஒரு வடிவத்தைக் கட்டியிலிருந்து கடையும்போது, வாயின் விரிந்த விட்டத்துக்கு ஏற்ற பருமனில் கட்டி எடுக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி வெளியே உள்ள உலோகமும், உள்ளே வெற்றிடமாக வேண்டிய இடத்து உலோகம் முழுவதும் சுருளாகிப் போகும். பொடி முறையிலோ வெற்றிடத்தில் லேசர் படுவதே இல்லை. அங்கே கிடந்த பொடியைச் சலித்து அடுத்த ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எத்தனை நேரம் லேசர் எரிய வேண்டும்? ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராம் எடையுள்ள உலோகம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 13.7 கிலோ என்பது ஏறத்தாழ 1,700 கன சென்டிமீட்டர். ஒற்றை லேசர் இயந்திரம் மணிக்கு 15 கன சென்டிமீட்டர் அளவில் கட்டும். ஆகவே 113 மணி, கிட்டத்தட்ட ஐந்து நாள் இடைவிடாத ஓட்டம். சிஎன்சி லேத்தில் பெரிய கட்டியை அரைகுறையாகக் கடைந்து எடுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஆமை வேகம். அப்படியும் மொத்த நேரம் ஏன் குறைந்தது? கட்டி வரும்வரை காத்திருப்பது, 14 துண்டுக்குத் தனித்தனி ஏற்பாடு, 19 வெல்டு, அவற்றின் எக்ஸ்ரே, கோணல் நிமிர்த்தல் எல்லாம் ஒரேயடியாக மறைந்ததால்தான். உலோகத்தைச் சேர்க்கும் வேகத்தில் இந்த முறை தோற்கிறது. இணைப்புகளை ஒழிப்பதில் வெல்கிறது.

665 விநாடிச் சோதனைக்கு முன்பு சிறு சிறு எரிப்புகளாக நான்கு சோதனைகள் நடந்தன. அவற்றின் மொத்த நேரம் 74 விநாடி. அந்த எச்சரிக்கை தேவைதான். வெல்டு இருந்தால் எங்கே பழுது வரலாம் என்பது முன்கூட்டியே தெரியும், அந்த 19 இடங்களைப் படம்பிடித்துப் பார்க்கலாம். ஒரே துண்டாக வளர்ந்த பாகத்தில் பழுது எங்கு வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம்.

அதே மாதம் 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் மேலே போயிற்று. சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் பொடியிலிருந்து ஒரே துண்டாகக் கட்டிய எஞ்சின் அதை உந்தியது. விமான எரிபொருளையும் குளிர்ந்த திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சின் அது. இந்த வகை எஞ்சின்களில் சுவர் உருகாமல் காப்பது சுவருக்குள் ஓடும் எரிபொருள்தான். எரியறைக்குப் போகும் வழியில் அது சுவரின் நுண்பாதைகள் வழியாகச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். பழைய வழியில் உட்சுவரின் புறத்தே பள்ளங்களை ஒவ்வொன்றாக மில்லிங் செய்து, மேலே இன்னொரு உறையைப் பற்றவைப்பார்கள். அடுக்கு உற்பத்தியில் அந்தப் பாதைகள் லேசர் தொடாமல் விட்ட இடங்கள் மட்டுமே.

எங்கே தவறும்

தவறுகளில் முதன்மையானது துளை. அதில் இரண்டு வகை, இரண்டும் எதிரெதிர்க் காரணங்களால் வருபவை. லேசரின் சக்தி குறைந்தாலோ வேகம் கூடினாலோ குளம் போதிய ஆழத்துக்குப் போகாது. அடுக்குகளுக்கு நடுவே உருகாத மணிகள் சிக்கிய தட்டையான இடைவெளிகள் விழும். சக்தி மிகுந்தால் உலோகம் ஆவியாகிக் குளத்தைக் குழியாகத் தோண்டும். குழி மூடிக்கொள்ளும்போது அடியில் வாயு சிக்கி உருண்டையான துளை நிற்கும். பாகத்தின் ஓரத்தில் வளர்த்த மாதிரித் துண்டை அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், துளையின் வடிவமே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடும். கூர்முனைகளோடு நெளிந்திருந்தால் சக்தி போதவில்லை. வட்டமாக இருந்தால் மிகுதி. இரண்டில் நெளிந்ததுதான் ஆபத்தானது. கூர்முனையில் விசை குவிந்து, பாகம் அதிர அதிர விரிசல் அங்கிருந்து கிளம்பும்.

சென்னையின் ஈரக்காற்றும் ஒரு காரணி. பொடி ஈரத்தை வாங்கினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும், படலம் சீராகப் பரவாது, லேசர் பட்டதும் நீர் ஆவியாகித் துளை போடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. அளவெடுத்த சிறு துவாரமுள்ள புனலில் 50 கிராம் பொடியைப் போட்டு, முழுவதும் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்ப்பார்கள். முந்தைய ஓட்டத்தைவிட நேரம் கூடினாலோ, நடுவில் நின்றுபோய்ப் புனலைத் தட்ட வேண்டியிருந்தாலோ, அந்தப் பொடியை உலர்த்தாமல் இயந்திரத்தில் போடக் கூடாது.

மின்தடையும் இங்கே தடம் விட்டுச் செல்லும். ஓட்டம் நடுவில் நின்றால் பாகம் குளிர்ந்து சிறிதளவு சுருங்கும். மறுபடி தொடங்கும்போது புதிய அடுக்கு பழைய ஓரத்தோடு பொருந்தாமல், பாகத்தைச் சுற்றி மெல்லிய கோடு விழும். விரலால் தடவினால் தட்டுப்படும். அழகுப் பொருளுக்கு அது பரவாயில்லை, அழுத்தம் தாங்கும் பாகம் என்றால் நான்கு நாள் வேலை வீண். எனவே இயந்திரத்தோடு யுபிஎஸும் தேவை.

உள்ளே மறைந்த துளைகளை மருத்துவமனை சிடி ஸ்கேன் போன்ற எக்ஸ்ரே முறையில்தான் பார்க்க முடியும். பெரிய, கனத்த பாகத்தில் அதுவும் தெளிவாகத் தெரியாது. முக்கியமான பாகங்களைச் சுமார் 1,000 மடங்கு காற்றழுத்தத்தில், உருகுநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் சில மணி நேரம் வைத்து, துளைகளை அமுக்கி மூடிவிடுவதும் உண்டு. செலவு ஏறும். அந்தச் செலவைச் சேர்க்காமல் கொடுத்த விலைப்புள்ளி முழுமையானது அல்ல.

மறுபடி லேத்துக்கு

தட்டிலிருந்து பிரித்த பாகத்தைக் கையில் எடுத்தால் மேற்பரப்பு உப்புத்தாளைப் போலச் சொரசொரவென்று இருக்கும். அரைகுறையாக உருகிய மணிகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். கீழ்நோக்கிச் சாய்ந்த பரப்புகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே குளத்துக்கு அடியில் திட உலோகம் இல்லை, தளர்ந்த பொடிதான் இருக்கிறது. கிடைமட்டத்திலிருந்து சுமார் 45 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்த எந்தப் பரப்புக்கும் அடியில் முட்டுக்கொடுத்துத்தான் வளர்க்க முடியும். முட்டுகளும் அதே உலோகம். பிறகு அவற்றை வெட்டி எறிய வேண்டும். உட்பாதைக்குள் முட்டு வைத்தால் எடுக்கவே முடியாது. ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர் வட்டமான உட்துளையைக் கண்ணீர்த்துளி வடிவில், மேலே கூம்பாக வரைவார், முட்டு தேவைப்படாது.

அளவில் துல்லியமும் அப்படித்தான். வளர்ந்த பாகம் வரைபடத்திலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகுவது சாதாரணம். பேரிங் உட்காரும் இடம், சீல் படியும் முகம், மரை எதற்கும் இது போதாது. அந்த இடங்களில் அரை மில்லிமீட்டர் உலோகம் கூடுதலாக விட்டு வளர்த்து, பிறகு சிஎன்சியில் கடைந்து எடுக்கிறார்கள். இதில் பட்டறைக்காரர் மட்டுமே அறிந்த ஒரு சிக்கல் வரும். இயற்கையான வளைவுகளோடு வளர்ந்த பாகத்தைச் சக்கில் எப்படிப் பிடிப்பது? தட்டையான முகமே இராது. இதை முன்கூட்டியே யோசித்து, பிடிப்பதற்கென்று ஒரு காதையோ விளிம்பையோ சேர்த்து வளர்த்து, கடைசியில் அதையும் வெட்டிவிட வேண்டும். கடைசல் தெரிந்தவரைக் கேட்காமல் வரைந்த பாகங்கள் பல இந்த இடத்தில்தான் திக்கித் திணறுகின்றன.

அதனால் சாதாரண ஃபிளாஞ்சையோ புல்லியையோ ஷாஃப்டையோ பொடியில் வளர்ப்பது வீண் செலவு. வெட்டுமுனை எல்லா இடத்தையும் எட்டுகிறது, எறியும் சுருளும் கொஞ்சம், இணைப்பு ஒன்றுமில்லை. லேத்தில் நிமிடங்களில் முடியும் வேலையை மணிக்கணக்கில் செய்து, விலை உயர்ந்த பொடியைச் செலவழித்து, கடைசியில் அதே லேத்தில் கடைந்து முடிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. உள்ளபடியே இருக்கும் வரைபடத்தைப் பிரிண்டிங்குக்கு அனுப்பி விலை கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவது இதனால்தான். பி.எஸ்-4 எஞ்சினின் பழைய 14 வரைபடங்களையும் அப்படியே வளர்த்திருந்தால் எதுவும் மிச்சமாகியிராது.

அச்சுக்குள் வளையும் தண்ணீர்

ராக்கெட் செய்யாத திருமுடிவாக்கத்துக்கு இதில் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் அச்சில் இருக்கிறது.

சென்னையின் கார் தொழிலைச் சுற்றியுள்ள டூல்ரூம்களில் அச்சு செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்த ஒருசில விநாடிதான். பாகம் உறைந்து வெளியே தள்ளும் அளவுக்கு இறுகக் காத்திருப்பதே நேரத்தில் பெரும்பங்கு. அச்சைக் குளிர்விக்க உள்ளே தண்ணீர் ஓடும் துளைகள் இருக்கும். துளை டிரிலில் போட்டது, நேராகத்தான் போகும். பாகமோ வளைந்தது. ஆழமான கிண்ணம் போன்ற ஒரு பாகத்தின் நடுவே நிற்கும் எஃகுக் கூர்ப்பகுதிக்குள் தண்ணீர் போய்ச் சேர்வதே கடினம். அந்த மூலை மட்டும் சூடாகவே நிற்கும். முழு அச்சும் அந்த ஒரு மூலைக்காகக் காத்திருக்கும். காத்திருக்காமல் திறந்தால் பாகம் கோணும், மேற்பரப்பு குழியும்.

அடுக்கு உற்பத்தியில் அந்தத் தண்ணீர்ப் பாதையைப் பாகத்தின் வளைவை ஒட்டியே, மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிச் சுற்றிக் கொண்டுபோக முடியும். முழு அச்சையும் வளர்க்க வேண்டியதில்லை என்பது இதில் உள்ள வசதி. நேரான துளைகள் போதுமான அடிப்பகுதியை விஎம்சியில் வழக்கம்போல் கடைந்துகொள்வார்கள். அதையே இயந்திரத்தின் தட்டில் பொருத்தி, அதன் மேல் சிக்கலான மேல்பாதியை மட்டும் மரேஜிங் எஃகுப் பொடியில் வளர்ப்பார்கள். பக்குவம் செய்தால் நன்றாகக் கடினப்படும் எஃகு இது. பிறகு மேற்பரப்பைக் கடைந்து, மெருகேற்றி, பழைய அச்சுக்குள்ளேயே செருகலாம்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். ஓர் அச்சு 40 விநாடிக்கு ஒரு பாகம் தருகிறது, அதில் 25 விநாடி குளிர்விக்க ஆகிறது என்று கொள்வோம். வளைந்த பாதையால் அந்த 25 விநாடி 15 ஆகக் குறைந்தால், மொத்தம் 30 விநாடி. மணிக்கு 90 பாகம் தந்த இயந்திரம் 120 தரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பாகம் எடுக்கும் வேலை என்றால், 278 மணி நேர இயந்திர ஓட்டம் மிச்சம். அந்த மோல்டிங் இயந்திரத்தின் மணிக்கட்டணத்தால் இதைப் பெருக்கி, வளர்த்த செருகலுக்கான கூடுதல் விலையோடு ஒப்பிட்டால் முடிவு கண்முன் வந்துவிடும். ஐயாயிரம் பாகம் மட்டும் எடுக்கும் அச்சுக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

வளைந்த பாதைக்கும் ஒரு குறை உண்டு. நேரான துளையில் படிந்த உப்பையும் துருவையும் கம்பி விட்டுச் சுரண்டலாம், வளைந்ததில் முடியாது. தென்சென்னைப் புறநகரின் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே ஓட்டினால் சுண்ணம் படிந்து பாதை மெல்ல அடைபட்டுப்போகும், கூட்டிய வேகம் கைவிட்டுப் போகும். மென்னீரை, மூடிய சுற்றில் ஓட்ட வேண்டும். உள்ளே போகும் நீரின் ஓட்ட அளவை வாரம் ஒருமுறை குறித்து வைத்தால், அடைப்பு தொடங்குவது முன்பே தெரிந்துவிடும்.

இதற்கு ஒவ்வொரு பட்டறையும் கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. செருகலை வெளியே வளர்த்து வாங்கி, கடைசலையும் பொருத்தலையும் தம் இடத்திலேயே செய்துகொள்ளலாம். துல்லிய உற்பத்திக்கெனத் திருமுடிவாக்கத்திலேயே சிறுதொழில்களுக்கான பெருங்குழுமம் அமைந்திருப்பதால், அளவிடும் கருவிகளையும் சோதனை வசதிகளையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல.

டூல்ரூம் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் அச்சுகளில் குளிர்விக்கும் நேரம் பாதிக்கு மேல் போகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அச்சைத் திறந்த உடனே வெப்பமானியால் எல்லா மூலைகளையும் அளந்து பாருங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் மற்ற இடங்களைவிட மிகச் சூடாக இருந்தால், அந்த மூலைக்கு மட்டும் ஒரு செருகலுக்கு விலை கேளுங்கள். எல்லா மூலையும் ஒரே சூட்டில் இருந்தால் கேட்க வேண்டாம், இப்போதிருக்கும் நேரான துளைகளே போதும்.